"கல்யாணம் ஆயிருச்சா? குழந்தை எப்போ?" – நேர்காணலில் எந்தப் பதில் எங்கே எடுபடும்

மதுரைப் பக்கம் வேலை தேடுகிற பெண்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. வயது என்ன, கல்யாணம் ஆயிருச்சா, குழந்தை இருக்கா, இல்லையென்றால் எப்போது. கப்பலூர் தொழிற்பேட்டையில் கணக்கு வேலையானாலும் சரி, இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் கம்ப்யூட்டர் வேலையானாலும் சரி, சம்பளப் பேச்சு வருவதற்கு முன்பே இவை வந்துவிடும். கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாகவும் சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூட இதைத்தான் கேட்கிறார். ஆனால் அவர் கையில் நம் வேலை இல்லை.

பதில் சொல்ல நான்கு வழிகள் உண்டு. நேராகச் சொல்லிவிடலாம். கேள்விக்குப் பின்னால் என்ன கவலை இருக்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தன்மையாகத் திருப்பிக் கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்று மறுக்கலாம். ஐந்தாவதாகப் பொய்யும் இருக்கிறது, நிறையப் பேர் சொல்கிறார்கள், அதையும் பேசியாக வேண்டும். நான் சில வருடம் ஒரு கன்சல்டன்சியில் போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேட்கிற பக்கம் இருந்தவள். மூன்று கேள்விக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பலரும் சறுக்குகிற இடம் என்பேன். வயதுக்கு ஒத்து வருவது குழந்தைக்கு ஒத்து வராது. போனில் கேட்பவருக்குச் சொல்வதை மேனேஜரிடம் சொல்ல முடியாது.

போனில் கேட்பவருக்கு ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்

கன்சல்டன்சியிலிருந்து கூப்பிடுகிறவர் வேலை கொடுப்பவர் இல்லை. அவர் முன்னால் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். பெயர், வயது, ஊர், திருமணம், படிப்பு, அனுபவம், இப்போதைய சம்பளம், கேட்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். இதில் சில கட்டங்கள் கம்பெனி கேட்டவை, சில கட்டங்கள் பழைய ஷீட்டிலிருந்து அப்படியே வந்தவை. திருமணக் கட்டம் எதற்கு என்று கேட்டால் கூப்பிட்டவருக்கே தெரியாது. ஆனால் அது காலியாக இருந்தால் அவருடைய டீம் லீடர் "இதை ஏன் விட்ட?" என்பார். நம்மை மறுபடி கூப்பிட்டுக் கேட்பதைவிட, ஷீட்டில் அடுத்த வரிசைக்குப் போவது அவருக்குச் சுலபம்.

அதனால் மறுப்பது மிக அதிகமாக நஷ்டம் தருகிற இடம் இந்த முதல் போன்தான். "அது பர்சனல்" என்று சொன்னால் கேட்டவர் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, முடிவெடுப்பவர் காதுக்கு அது போய்ச் சேருவதும் இல்லை. திருப்பிக் கேட்பதும் வீண்தான். இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்கும் ஒரு வரி சேர்த்து விடுவதே நல்லது.

என் சித்தி மகள் போன வேலையையே எடுத்துக்கொள்வோம். மேலூர்க்காரி, வயது 29, பி.காம்., கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. மெடிக்கல் பில்லிங்கில் ஏ.ஆர். காலிங் வேலை. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, பணம் வராமல் நிற்கிற க்ளெய்ம்கள் என்னவாயின என்று கேட்க வேண்டும். அங்கே பகலென்றால் இங்கே ராத்திரி, ஆகவே ஷிப்ட் சாயங்காலம் தொடங்கி நடுநிசி தாண்டும். நான்கு வருட அனுபவம். வாங்கிக்கொண்டிருந்தது 16,500 ரூபாய், கேட்டது 20,000.

முதல் போனில் நடந்தது இவ்வளவுதான்.

"ஏஜ் சொல்லுங்க மேம்."

"இருபத்தொன்பது."

"மேரிட்டா?"

"ஆமா மேடம். நைட் ஷிப்டுக்கு வீட்ல சரின்னுட்டாங்க. மேலூர் வரைக்கும் கேப் வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"கிட்ஸ்?"

"இப்ப வேலைக்கு வர்றதுக்குத் தடையா எதுவும் இல்ல மேடம். முப்பது நாள் நோட்டீஸ், அது முடிஞ்சதும் சேந்துருவேன்."

மூன்றாவது பதிலில் ஆமாம், இல்லை இரண்டுமே கிடையாது. மறுமுனையில் இருந்தவர் அநேகமாக 'நோ' என்று அடித்துக்கொண்டிருப்பார். அது அவர் பாடு. இவள் பொய் சொல்லவில்லை, கட்டமும் நிரம்பிவிட்டது, பேச்சு நோட்டீஸ் பீரியடுக்குப் போய்விட்டது. இரண்டாவது பதிலைப் பாருங்கள். கல்யாணம் ஆயிருச்சா என்ற கேள்விக்கு இந்த வேலையில் ஒரே அர்த்தம்தான், ராத்திரி வேலைக்கு விடுவார்களா என்பது. அதை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். வீட்டில் அனுமதி வாங்கிவிட்டேன் என்கிற தோரணை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எனக்கு நைட் ஷிப்ட் பழக்கம்தான்" என்றாலே போதும் என்று சொன்னேன். "அக்கா, அவங்க அடுத்த கேள்வி அதுதான், அதான் முந்திக்கிட்டேன்" என்றாள். அதுவும் சரிதான்.

இதே கேள்விகள் வாட்ஸப்பில் வந்தால் இன்னும் சுலபம். யோசித்து எழுத நேரம் இருக்கிறது. கேட்ட வரிசையிலேயே பதில் எழுதி, குழந்தை பற்றிய வரிக்கு நேராக "பணியில் சேரத் தடை ஏதும் இல்லை" என்று போட்டுவிடலாம். வரியை விட்டுவிட்டால் கண்ணில் உறுத்தும். வேறு தகவல் இருந்தால் உறுத்தாது.

வயதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை

வயது கேட்டால் சொல்லிவிடுவதே மேல். ரெஸ்யூமில் பிறந்த தேதி போடாமல் விடலாம், அதில் தப்பில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு தேறிய வருடத்தைப் போட்டிருந்தால், நிகழும் வருடத்திலிருந்து அதைக் கழித்து, கூடவே பதினைந்தைக் கூட்டிக்கொள்வார்கள். நாங்களே அப்படித்தான் செய்வோம். எப்படியும் சேரும்போது பி.எஃப். படிவத்துக்கு ஆதாரையும் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டையும் கொடுக்க வேண்டும். சொல்லத் தயங்கினால் இருக்கிற வயதைவிடக் கூடுதலாகத்தான் நினைப்பார்கள்.

வயதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் பிரச்சினை. எங்கள் தெருக்காரர் ஒருவர் 46 வயதில் கப்பலூரில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வேலைக்குப் போனார். "நாப்பத்தாறா?" என்று இழுத்தார்களாம். அந்த இழுப்புக்குப் பின்னால் இருப்பது இரண்டு கவலைகள். இருபத்தெட்டு வயதுப் பையன் மேனேஜராக இருக்கிறானே, இவர் சொன்னபடி கேட்பாரா என்பது ஒன்று. கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஏற்றத் தெரியுமா என்பது இன்னொன்று. அவர் சொன்னது: "நாப்பத்தாறு சார். முந்தின இடத்துலயும் மேனேஜர் என்னைவிடச் சின்னவர்தான், மூணு வருசம் அவர்ட்டதான் இருந்தேன். ஸ்டாக் எல்லாம் டேலிலதான் போடுறேன்." இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. "வயசப் பாக்காதீங்க சார், உழைப்பப் பாருங்க" என்று கெஞ்சியிருந்தால் வயதுதான் மனதில் நின்றிருக்கும்.

ஆண்களிடமும் கல்யாணக் கேள்வி கேட்கப்படுகிறது, ஆனால் கணக்கு தலைகீழ். கல்யாணமான ஆண் என்றால் பொறுப்பானவர், ஊரை விட்டு ஓடமாட்டார். அதே கல்யாணம் ஒரு பெண்ணுக்கு ஆகியிருந்தால் எப்போது போய்விடுவாளோ என்று தோன்றுகிறது. அதனால் ஆண்கள் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம், பெரும்பாலும் ஒரு நஷ்டமும் இல்லை. முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணமாகாதவர் என்றால் மட்டும் "ஏன்?" என்று இன்னொரு கேள்வி வரும். "இன்னும் அமையல சார்" போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குழந்தைக் கேள்விதான் சிக்கல்

என் சித்தி மகளுக்கு இரண்டாவது சுற்று நேர்காணல். எச்.ஆர். ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், தன்மையாகத்தான் பேசினாராம். "மேரேஜ் ஆகி ரெண்டு வருசமா? பேமிலி ப்ளான் ஏதும் இருக்கா இப்ப?"

இந்த இடத்தில் நான்கு வழிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

நேர்ப்பதில் இரண்டு வகை. "ஒரு வருசத்துக்குள்ள இருக்கும் மேடம்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டபின் வேலை கொடுக்கிற இடம் குறைவு. இன்னொன்று எல்லோரும் சொல்வது: "இப்போதைக்கு இல்ல மேடம், மூணு வருசம் கழிச்சுத்தான்." கேட்பவருக்கு இது ரொம்பப் பிடிக்கும், அந்த நேரத்துக்கு நமக்கும் நிம்மதி. ஆனால் வருடக்கணக்குச் சொன்னால் அது வாக்குறுதி மாதிரி ஆகிவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதத்தில் நாள் தள்ளிப்போனால் அதே எச்.ஆர். முன்னால் போய் நிற்கும்போது "நீங்கதான மூணு வருசம்னு சொன்னீங்க" என்ற பேச்சு வரும். சட்டப்படி அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை, ஆனால் அதே அறையில்தான் லீவுக்கும் சம்பள உயர்வுக்கும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் கொடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

திருப்பிக் கேட்பதில் எல்லாம் தொனியைப் பொறுத்தது. "எதுக்குக் கேக்குறீங்க?" என்றால் சண்டை. "எதுக்காகன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி சொல்லிருவேன் மேடம். ட்ரெய்னிங்ல லீவ் எடுக்கக் கூடாதா?" என்றால் உரையாடல். இதில் ஒரு லாபம் உண்டு. உண்மையான காரணம் வெளியே வரும். "ஆமாம்மா, மொத மூணு மாசம் லீவே கிடையாது" என்று அவர் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல முடியும், கேள்வியும் அத்தோடு முடியும். புத்திசாலியான எச்.ஆர். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் முதலாளியே உட்கார்ந்து நேர்காணல் எடுக்கிற சின்ன அலுவலகங்களில், அவர் வயதில் பெரியவராக இருந்தால், எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும் "எதிர்த்துப் பேசுற பிள்ளை" என்ற எண்ணம் விழுந்துவிடும். சிம்மக்கல்லிலும் டவுன்ஹால் ரோட்டிலும் இருக்கிற மொத்தக் கடைகளின் அலுவலகங்களில் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

அவள் எடுத்தது கவலைக்குப் பதில் சொல்லும் வழி. சொன்னது இது.

"அது வீட்டு விஷயம் மேடம், தேதியெல்லாம் போட்டு வைக்கல. பாதியில விட்டுட்டுப் போயிருவேனோன்னு நினைச்சா, முந்தின ஆபீஸ்ல நாலு வருசமும் ஒரே இடத்துலதான் இருந்தேன். இங்க ட்ரெய்னிங் எத்தன வாரம் மேடம்?"

மூன்று துண்டுகள். முதலாவது சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, மறுப்பு என்று சொல்லவும் முடியாது. இரண்டாவதில் வாக்குறுதிக்குப் பதில் நடந்து முடிந்த ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் ஒரே இடம் என்பதை அவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம், மூன்று வருடம் குழந்தை இல்லை என்பதை யாரும் விசாரிக்க முடியாது. மூன்றாவது துண்டை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் ஒரு மௌனம் விழும், அந்த மௌனத்தில்தான் "இல்ல, தோராயமா எப்பன்னு…" என்கிற அடுத்த கேள்வி வரும். வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் சொல்லும் முறை அவருடையதாகிவிடுகிறது. அந்தக் கேள்வியை வீட்டிலிருந்தே தயாராகக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் பாசம். "ரெண்டு வருசம் ஆச்சா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையாம்மா?" இது ரெக்ரூட்மென்ட் கேள்வியே இல்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிற கேள்வி. இதற்குப் போய் நான்கு வருட அனுபவத்தை எடுத்து நீட்டினால் ஒட்டாது. "இருந்தா சொல்லாம இருப்பனா சார்" என்று சிரித்தாளாம், அவரும் சிரித்துவிட்டு, க்ளெய்ம் ஏன் மறுக்கப்பட்டது என்று காட்டுகிற டினையல் கோடுகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். குழந்தைக்காக மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்பது தெரியும். அவர்களுக்கும் இதே ஒரு வரிதான் பாதுகாப்பு. ட்ரீட்மென்ட் பற்றி அந்த அறையில் மூச்சு விட வேண்டாம். பரிதாபப்படுவார்கள், மனதுக்குள் லீவுக் கணக்கும் போடுவார்கள்.

அந்தக் கவலையின் விலை எவ்வளவு

கம்பெனி பயப்படுவது எதற்கு என்று தெரிந்தால் பதில் சொல்வது எளிது. மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான்.

மாதம் 24,000 சம்பளம் என்றால் 26 வாரத்துக்குச் சுமார் 1,44,000 ரூபாய். அலுவலகம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது, முதலாளி கொடுப்பதில்லை. இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆக உயர்த்தப்பட்டது. என் சித்தி மகள் கேட்டது 20,000. அதாவது அவளுக்குக் குழந்தை பிறந்தால் சம்பளம் இ.எஸ்.ஐ.யிலிருந்து, வைத்தியம் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில். அலுவலகத்துக்குப் பணச்செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மதுரையில் இருபதாயிரத்துக்குக் கீழே சம்பளம் கொடுத்துக்கொண்டு குழந்தைக் கேள்வி கேட்கிற அலுவலகங்கள் இதை யோசிப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இதை நேர்காணலில் வகுப்பெடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் கதை முடிந்தது. இந்தச் சம்பளத்தில் அவர்களுடைய பயம் பணத்தைப் பற்றியது அல்ல, ஆறு மாதம் அந்த சீட்டில் யாரை உட்கார வைப்பது என்பதைப் பற்றியது. அதனால் பதிலும் வேலை நின்றுபோகாது என்பதைக் காட்டினால் போதும். முந்தைய இடத்தில் யாராவது லீவில் போனபோது அவர் அக்கவுன்டைப் பார்த்துக்கொண்டது, தன் வேலையை எழுதி வைத்துவிட்டு வந்தது, இப்படி ஒன்று இருந்தால் அதைச் சொல்லலாம். 30,000, 40,000 சம்பளத்தில் பணக்கவலையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கேள்வி இன்னும் சுற்றி வளைத்து வரும், "லாங் டேர்ம்ல உங்களை எங்க பாக்குறீங்க" என்கிற மாதிரி.

மறுப்பது எப்போது

சட்டத்தைச் சொல்லி மறுக்கலாமே என்பார்கள். தனியார் வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்பதையே தடுக்கிற பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் வருடச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு அதையே எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, ஒன்றிய அரசு இந்த 5ஆம் பிரிவைக் காட்டித்தான் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. ஆக, கேட்பது தடுக்கப்படவில்லை, கேட்டதை வைத்து ஒதுக்குவதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒதுக்கினார்கள் என்று நிரூபிப்பது யாருக்கும் சுலபமில்லை, "வேற நல்ல கேன்டிடேட் கிடைச்சாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

படிவங்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நீரா மாத்தூர் வழக்கு நல்ல உதாரணம். எல்.ஐ.சி.யில் தகுதிகாண் காலத்தில் இருந்தவர். மகப்பேறு விடுப்பு எடுத்ததை ஒட்டி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சேரும்போது கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் மாதவிடாய் பற்றித் தவறான தகவல் தந்தார் என்பது காரணம். கடைசி மாதவிடாய் எப்போது, கரு கலைந்திருக்கிறதா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கட்டங்களையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. அரசு நிறுவனம் என்பதால் அரசியல் சாசனத்தைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. பைபாஸ் ரோட்டில் மாடியில் இருக்கிற முப்பது பேர் அலுவலகத்தின் மேல் அந்த வழியில் போக முடியாது.

எனவே மறுப்பது சட்டத்தை நம்பிச் செய்கிற காரியம் இல்லை, அந்த வேலை போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தபின் செய்கிற காரியம். அந்த முடிவுக்கு வர எனக்கு ஓர் அளவு உண்டு. முதல் தடவை கேட்டால் பழக்கம். இரண்டாம் தடவை வேறொருவர் கேட்டால் படிவம். வேலையைப் பற்றிப் பதில் சொன்ன பிறகும் அதே ஆள் அதே கேள்விக்குத் திரும்பி வந்தால் அந்த அலுவலகத்தின் குணமே அதுதான். அப்போது "மன்னிக்கணும் சார், அது எங்க ரெண்டு பேரோட சொந்த விஷயம். வேலையப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க, சொல்றேன்" என்று சொல்லிவிடலாம். குரல் உயர வேண்டாம், 'சார்' விட்டுப்போக வேண்டாம். மதுரையில் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்களும் எச்.ஆர்.களும் ஒரு கைக்குள் அடங்குவார்கள். இன்று இங்கே கேட்டவர் அடுத்த வருடம் இன்னொரு கம்பெனியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

சில இடங்களில் "இரண்டு வருடத்துக்குக் கர்ப்பமாக மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அதைப் போட வேண்டாம். மகப்பேறு உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்பது 1961 சட்டத்தின் 27ஆம் பிரிவிலேயே இருந்தது, அதனால் காகிதத்துக்கு மதிப்பில்லை என்பது சரிதான். ஆனால் அப்படி ஒரு காகிதத்தை அச்சடித்து வைத்திருக்கிற இடத்தில் குழந்தை பிறக்கும்போது என்ன நடக்கும் என்பதை இப்போதே காட்டிவிட்டார்கள்.

பொய் எங்கே மாட்டும்

கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லி, தாலியைச் சுடிதாருக்குள் விட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை வாசலில் "திருமணமாகாத பெண்கள் தேவை" என்று போர்டு வைத்தால் வேறென்ன செய்வார்கள் என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் மற்ற நான்கு வழிகளோடு வைத்துப் பார்த்தால் இதுதான் ரொம்ப நாள் தாங்காதது. சேர்ந்த கையோடு பி.எஃப். நாமினேஷன் வரும். அதில் கணவர் பெயரும் ஆதார் எண்ணும் போட வேண்டும். குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் கணவரைச் சேர்க்கக் கேட்பார்கள். ஆதாரில் முகவரிக்கு மேலே கணவர் பெயர் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தின் அடியில் "மேற்கண்டவை உண்மை" என்று நாமே கையெழுத்துப் போட்டிருப்போம், பிறகு பிடிக்காத ஒரு நாளில் அதை எடுத்து நீட்டுவார்கள்.

படிவத்தில் திருமணக் கட்டத்தைக் காலியாக விடுவது வேறு, தவறாக நிரப்புவது வேறு. விட விருப்பமில்லையென்றால் "பணியில் சேரும்போது தெரிவிக்கிறேன்" என்று எழுதலாம். கர்ப்பமாக இருக்கும்போதே நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் இதே கோடுதான். தானாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கு "தேதி போட்டு வைக்கல" என்ற பதிலும் ஆகாது, அது பொய்யாகிவிடும்.

ஆஃபர் வந்த பிறகு

என் சித்தி மகளுக்கு அந்த இடத்தில் 19,500க்கு ஆஃபர் வந்தது. அதே வாரம் போன இன்னொரு அலுவலகத்திலும் ஏறக்குறைய இதே பதில்களைத்தான் சொன்னாள், அங்கிருந்து பதிலே இல்லை. இந்தக் கேள்விதான் காரணமா, மேலூருக்குக் கேப் விட வேண்டுமே என்பதா, தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதற்கு முன் மறைத்த, தள்ளிய விவரங்களையெல்லாம் இப்போது முழுசாகக் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் நமக்கு லாபம். நாமினேஷனில் கணவர் பெயர், இ.எஸ்.ஐ. படிவத்தில் குடும்ப விவரம், எல்லாமே. திருப்பிக் கேட்கிற வழிக்கும் இதுதான் சரியான நேரம். அவள் சேர்வதற்கு முன் எச்.ஆருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "மேடம், நம்ம டீம்ல மெட்டர்னிட்டி லீவ் போயிட்டுத் திரும்பி வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? அதே ஷிப்ட்லதான் போடுவாங்களா?" எச்.ஆர். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு பேர் இருப்பதாகவும், திரும்பி வந்தபின் ஆறு மாதத்துக்குப் பகல் ஷிப்டில், பில் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற சார்ஜ் என்ட்ரி வேலைக்கு மாற்றுவார்கள் என்றும் சொன்னாராம். சம்பளம் அதேதானா என்று இன்னொன்றும் கேட்டாள். ஷிப்ட் அலவன்ஸ் மட்டும் இருக்காது என்றார்.